அரை அலை டைபோல்: 21.11 மீட்டர் கம்பி 19.71 மீட்டர் ஆனது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூர். அங்கே அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி, 100 வாட் எச்.எஃப். கருவி ஒன்றையும் வாங்கியிருந்தார். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர் அந்த ஊரில்தான் இருந்தார். மின்சாரமும் போனும் இல்லாமல் கிடந்த நாட்களைப் பார்த்த பிறகு, அடுத்த புயலுக்குள் பேட்டரியில் ஓடக்கூடிய ஒரு நிலையம் வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

அவர் தேர்ந்தெடுத்தது 40 மீட்டர் அலைவரிசை. இந்தியாவில் அமெச்சூர்களுக்கு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இதில் இடம் உண்டு. பகல் நேரத்தில் மாநிலத்துக்குள் பேச இதைவிடத் தோதான அலைவரிசை இல்லை. ஆன்டெனா தாழ்வாக இருந்தாலும் கவலையில்லை. அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விழும். புயல் காலத்தில் தேவைப்படுவது அந்தத் தூரம்தான்.

நடுவில் பிரித்து இரு கைகளாகக் கட்டும் டைபோல் ஆன்டெனாவுக்கு அவர் எடுத்தது வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. பி.வி.சி. உறைபோட்ட செம்புக் கம்பி. வீடு ஒரு தளம். மொட்டைமாடியில் நட்ட ஜி.ஐ. குழாய் ஒரு முனை, கொல்லைப்புறத் தென்னை மறுமுனை. தரையிலிருந்து கம்பியின் உயரம் ஏறக்குறைய 7.5 மீட்டர். கம்பி எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் தெருவில் போகும் ஈ.பி. லைனில் படாதபடி திசையைப் பார்த்துக் கட்டியிருந்தார். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சரியாகச் செய்தது பெரிய நிம்மதி.

வெட்டிய நீளம்

நடு அதிர்வெண்ணாக 7.1 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே கணக்கைப் போட்டிருந்தார். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம்.

```
λ   = 299.79 / 7.1 = 42.22 மீ
λ/2 = 21.11 மீ
```

ஆக, மொத்தம் 21.11 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10.55 மீட்டர் வரும்படி கட்டி, ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒரு சோக் வழியாக 15 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிளை இணைத்திருந்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சால்டரிங் சுத்தம், இணைப்பில் தண்ணீர் இறங்காமல் டேப்பும் சுற்றியிருந்தது.

முதலில் கவனித்தது

ஆன்டெனா திறனை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்லும் அளவு எஸ்.டபிள்யூ.ஆர்.; எதுவும் திரும்பாவிட்டால் அது 1. கருவியை இயக்கியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 4.5-ஐக் காட்டியது. கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைத் தானாகவே குறைத்துக்கொண்டது. 100 வாட் வர வேண்டிய இடத்தில் 25 வாட் அளவுக்குத்தான் வெளியே வந்தது. அமெச்சூர்கள் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் காலை நேர நெட்டில் அவர் அழைத்தால், "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு, மறுபடி சொல்லுங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த ஆன்டெனா டியூனரைக் கொடுத்தார். அதைக் கருவிக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்துத் திருகியதும் எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்கு வந்துவிட்டது, கருவி முழுத் திறனையும் கொடுத்தது, நெட்டில் எல்லோருக்கும் கேட்டது. நியாயமாகப் பார்த்தால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவர் கேட்டது இதுதான்:

"சார், கணக்கு சரியாத்தான் போட்டிருக்கேன். சரியா அரை அலைநீளம். அப்புறம் ஏன் டியூனர் தேவைப்படுது?"

"கணக்கு சரிதான் சார். ஆனா அது வெட்டவெளியில அலை போற நீளம். கம்பியில போற நீளம் வேற. அளந்து பார்த்துடுவோம்" என்றேன்.

அளந்தபோது தெரிந்தது

ஆன்டெனாவின் மின் எதிர்ப்பை அதிர்வெண் வாரியாக அளந்து காட்டும் கையடக்க நானோ வி.என்.ஏ. ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கருவி வைத்திருக்கும் அறையிலிருந்து கேபிள் வழியாக அளந்தால், ஆன்டெனாவின் உண்மையான மின் எதிர்ப்பு தெரியாது. கேபிள் தன் நீளத்துக்கு ஏற்ப அதை வேறு மதிப்பாக மாற்றிக் காட்டும். அதோடு, எதிரொலித்து வரும் அலையில் ஒரு பகுதியைக் கேபிளே உறிஞ்சிவிடுவதால் எஸ்.டபிள்யூ.ஆரும் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அதனால் கேபிளை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, அதன் மேல் முனையில் திறந்த முனை, குறுக்குச்சுற்று, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி அளவியைச் சீர்செய்தோம். அதன் பிறகு திரையில் தெரிவது ஆன்டெனாவின் நடுப்புள்ளியிலேயே நின்று அளந்ததற்குச் சமம்.

மறுபடி இணைத்து 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தோம். எஸ்.டபிள்யூ.ஆர். கோடு ஒரே ஒரு இடத்தில் ஆழமாகக் குழிந்தது, அதுவும் 6.66 மெகாஹெர்ட்ஸில். அலைவரிசைக்கு வெகு கீழே. மின் எதிர்ப்பில் j-யோடு வரும் பகுதியான மின்மறுப்பு பூஜ்யமாவதும் அங்கேதான், அதாவது கம்பி ஒத்ததிர்வில் இருப்பது அங்கே. அப்படியே 7.1-க்கு நகர்த்தினால் திரையில் வந்தது:

```
Z   = 55 + j115 ஓம்
SWR = 6.7
```

அறையில் 4.5 என்று தெரிந்தது மேலே 6.7. இடையில் இருந்த வித்தியாசம் கேபிள் தின்றது. 115-க்கு முன்னால் இருப்பது கூட்டல் குறி, அதாவது ஆன்டெனா ஒரு மின்தூண்டியைப் போல நடந்துகொள்கிறது. டைபோலில் கூட்டல் வந்தால் கம்பி நீளம், கழித்தல் வந்தால் கம்பி குட்டை. வேறு எதையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பது அந்த ஒரு குறியிலேயே தெரிந்துவிட்டது.

நீளம் ஏன் கூடியது

வெட்டவெளியில் தனியாக நிற்கும் மெல்லிய கம்பியைச் சரியாக அரை அலைநீளத்துக்கு வெட்டினாலும் அது ஒத்ததிர்வில் இருக்காது. புத்தகக் கணக்கே அதன் மின் எதிர்ப்பை 73 + j42.5 ஓம் என்று சொல்கிறது. அந்த 42.5-ஐப் போக்கவே கம்பியை இரண்டு, இரண்டரை சதவீதம் குறைக்க வேண்டும். காரணம் கம்பியின் முனை. மின்னோட்டம் அங்கே நின்றாலும் மின்புலம் நிற்பதில்லை, முனையைத் தாண்டி வெளியே வளைந்து பரவுகிறது. அந்தப் பரவல் கூடுதல் மின்தேக்கமாகச் சேர்வதால், கம்பி தன் அளவைவிடச் சற்று நீளமானதைப் போல நடந்துகொள்கிறது. கம்பி தடித்தால் இந்த விளைவு இன்னும் கூடும்.

அதற்கு மேல் இந்த வீட்டில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று பி.வி.சி. உறை. அது மின்புலத்தில் ஒரு பங்கைத் தனக்குள் இழுத்துக்கொள்வதால் கம்பி வழியே அலை போகும் வேகம் சில சதவீதம் குறைகிறது. உறையில்லாத கம்பியைவிட இதைக் குட்டையாக வெட்ட வேண்டும். இன்னொன்று, கம்பிக்குக் கீழே சில மீட்டரிலேயே இருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட் தளம்.

அமெச்சூர்கள் கையில் வைத்திருக்கும் சூத்திரம் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுப்பது. 7.1-க்கு அது 20.14 மீட்டர் தரும், அதாவது கணக்கிட்ட அரை அலைநீளத்தில் 95 சதவீதம். இந்த 95 ஓர் இயற்கை மாறிலி அல்ல. முனை விளைவு, இன்சுலேட்டரில் மடித்துக் கட்டிய வளையம், அக்கம்பக்கம் எல்லாம் கலந்து அனுபவத்தில் வந்த சராசரி அது. இங்கே 6.66-ஐ 21.11-ஆல் பெருக்கினால் 140.6 வருகிறது. ஆகவே இந்தக் கம்பிக்கு, இந்த இடத்தில், 143-க்குப் பதில் 140.6 என்பதே சரியான எண்.

டியூனரா, கம்பியா?

முடிவெடுக்க வேண்டிய இடம் இது. டியூனரை வைத்தே காலம் தள்ளலாமா, கம்பியைக் குறைப்பதா? "ஒத்ததிர்வில் இருந்தால்தான் ஆன்டெனா நன்றாகக் கதிர்வீசும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் விடை சுலபம். ஆனால் அந்த வாக்கியம் எந்த அளவுக்கு உண்மை என்று ஆசிரியர் விடாமல் கேட்டார். உட்கார்ந்து பேசினோம்.

நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் மின்னோட்ட அலை கால் அலைநீளம் ஓடிக் கம்பியின் முனையை அடைகிறது. அதற்கு மேல் போக வழியில்லை. முனையில் மின்னோட்டம் பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் திரும்பும் அலை குறி மாறித் திரும்புகிறது. போக ஒரு கால், வர ஒரு கால், ஆக அரை அலைநீளம். அந்த நேரத்துக்குள் கருவியின் பக்கமும் அரைச் சுழற்சி முடிந்து குறி மாறியிருக்கிறது. இரண்டு முறை குறி மாறினால் ஒரே குறிதான். அதனால் திரும்பி வரும் மின்னோட்டமும் புதிதாகக் கிளம்பும் மின்னோட்டமும் நடுப்புள்ளியில் ஒன்றோடொன்று கூடுகின்றன. மின்னழுத்தம் முனையில் குறி மாறாமல் திரும்புவதால் நடுவில் அது ஏறக்குறைய தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆக நடுவில் மின்னோட்டம் உச்சம், மின்னழுத்தம் குறைவு, இரண்டும் ஒரே கட்டத்தில். அந்தக் குறைந்த மின்னழுத்தத்துக்கும் உச்ச மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்தான் 73 ஓம். தாழ்வாகக் கட்டிய இந்த ஆன்டெனாவில் அது 55.

கம்பி நீண்டுவிட்டால் திரும்பும் அலை தாமதமாக வருகிறது, கட்டம் பிசகுகிறது. மின்னோட்டத்தின் ஒரு பகுதி ஆற்றலை வெளியே அனுப்பாமல், கம்பியைச் சுற்றியுள்ள புலத்துக்கும் கேபிளுக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் போக்குவரத்துதான் j115.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 55. மின்மறுப்பு 115-ஆக இருக்கும்போதும் மின்தடைப் பகுதி 55 ஓம்தான். அதில் செம்பில் சூடாகப் போவது ஏறக்குறைய 2 ஓம், மற்றதில் பெரும்பங்கு கதிர்வீச்சு. அதாவது நடுப்புள்ளிக்குள் நுழைந்துவிட்ட திறனை இந்த நீளக் கம்பியும் கிட்டத்தட்ட அதே திறமையோடு கதிர்வீசுகிறது. அலை பரவும் கோலமும் ஏழு சதவீத நீள வித்தியாசத்தில் பெரிதாக மாறிவிடாது. ஒத்ததிர்வு கம்பியின் கதிர்வீசும் குணத்தை உயர்த்துவதில்லை. கம்பி திறனை ஏற்றுக்கொள்ளும் விதத்தை அது மாற்றுகிறது. மின்மறுப்பு இல்லாதபோது 50 ஓம் கேபிளுக்கு 55 ஓம் சுமை கிடைக்கிறது, வந்த திறன் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகிறது. மின்மறுப்பு இருக்கும்போது பாதிக்கு மேல் திருப்பி அனுப்பப்படுகிறது.

டியூனர் அந்தத் திருப்பி வந்த அலையை மறுபடி மேலே தள்ளுகிறது. ஆனால் ஒவ்வொரு போக்குவரத்திலும் கேபிள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 15 மீட்டர் ஆர்.ஜி.58-க்கு 7 மெகாஹெர்ட்ஸில் பொருத்தமான சுமையில் இழப்பு ஏறக்குறைய 0.6 டெசிபெல், 100 வாட்டில் 87 வாட் மேலே போய்ச் சேரும். எஸ்.டபிள்யூ.ஆர். 6.7 ஆனால் அது 67 வாட்டுக்கு இறங்குகிறது. டியூனருக்குள் போகும் இழப்பு தனி.

87-க்கும் 67-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல். சிக்னலின் வலிமையைச் சொல்லும் அளவில் ஒரு எஸ் புள்ளி என்பது 6 டெசிபெல். எதிர்முனையில் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. இதை மறைக்காமல் சொன்னேன். டியூனர் இல்லாமல் 25 வாட்டாகக் குறைந்ததுதான் காதில் தெரிந்த இழப்பு, அது டியூனரோடு சரியாகிவிட்டது.

அப்படியும் கம்பியைக் குறைப்பது என்றே முடிவு செய்தோம். ஆசிரியரின் நோக்கம் புயல் நாளில் பேட்டரியில் ஓட்டுவது. அன்று கேபிளைச் சூடாக்கும் 20 வாட்டும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். அலைவரிசைக்குள் இடம் மாறும்போதெல்லாம் டியூனரைத் திருகிக்கொண்டிருப்பதும், அவசரத்தில் பழுதாகக்கூடிய ஒரு பெட்டியை நம்பியிருப்பதும் அவருக்கு ஒத்துவராது. கம்பியைக் குறைப்பதற்கோ செலவே இல்லை.

குறைத்த விதம்

140.6-ஐ 7.1-ஆல் வகுத்தால் 19.80 மீட்டர். பக்கத்துக்கு 65 செ.மீ. எடுக்க வேண்டும். வெட்ட வேண்டாம், மடித்துக் கட்டுவோம் என்றேன். முனையை இன்சுலேட்டர் வழியாகத் திருப்பி, வந்த கம்பி மேலேயே இறுக்கமாகச் சுற்றிவிட்டால், மடிந்த பகுதி தனிக் கம்பியாக நடந்துகொள்ளாது. தேவைப்பட்டால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். வெட்டிய கம்பியை நீட்டுவதானால் ஒட்டுப் போட வேண்டும், கடற்காற்று வீசும் ஊரில் ஒட்டுதான் முதலில் பச்சை பூக்கும்.

எடுத்த எடுப்பில் முழு 65-ஐயும் மடிக்கவில்லை, பக்கத்துக்கு 50 செ.மீ. மடித்தோம். கம்பி மாடியில் நெஞ்சுயரத்தில் இருக்கும்போதே ஆசிரியர் ஆவலோடு அளந்து பார்த்தார். 6.82. "எதிர்பார்த்தது 6.99 ஆச்சே சார், இன்னும் நிறைய எடுக்கணும்போல இருக்கே?" என்றார். மேலே ஏற்றிவிட்டுப் பார்ப்போம் என்று கயிற்றை இழுத்துக் கட்டினோம். 6.96 ஆனது. கான்கிரீட் தளத்துக்கு நெருக்கமாக இருந்தபோது தளத்துக்கும் கம்பிக்கும் இடையிலான மின்தேக்கம் ஒத்ததிர்வைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது, உயர ஏறியதும் விட்டது. கீழே வைத்துக்கொண்டே 7.1-க்குக் கொண்டுவந்திருந்தால், ஏற்றிய பிறகு ஆன்டெனா அலைவரிசைக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும்.

6.99-க்குப் பதில் 6.96 வந்ததற்குக் காரணம் மடிப்பு. சுற்றிக் கட்டிய வால் முனையைத் தடிமனாக்குகிறது, அதனால் முனை விளைவு கொஞ்சம் கூடுகிறது. இதையும் சேர்த்துக்கொண்டு, அடுத்தமுறை இறக்கி மொத்த மடிப்பைப் பக்கத்துக்கு 70 செ.மீ. ஆக்கினோம். மேலே ஏற்றி அளந்தபோது குழி 7.09 மெகாஹெர்ட்ஸில் வந்து நின்றது. இன்சுலேட்டரிலிருந்து இன்சுலேட்டருக்கு நீளம் 19.71 மீட்டர்.

பின்விளைவு

7.1-ல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. அலைவரிசையின் இரு ஓரங்களிலும், 7.0-லும் 7.2-லும், 1.6 அளவில் நின்றது. அதற்குக் கருவி திறனைக் குறைப்பதில்லை. டியூனர் நண்பரிடம் திரும்பிப் போனது. நெட்டில் கிடைத்த சிக்னல் மதிப்பீடு டியூனர் காலத்தில் வந்ததைப் போலவேதான் இருந்தது. கணக்கு சொன்னதும் அதுதான்.

வடகிழக்குப் பருவமழையில் ஆசிரியர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். நல்ல மழையில் கம்பி நனைந்திருக்கும்போது குழி 20, 30 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்குகிறது, வெயில் வந்து காய்ந்ததும் பழைய இடத்துக்கே வருகிறது. உறைமேல் படியும் தண்ணீர்ப் படலம் பி.வி.சி. செய்யும் வேலையையே இன்னும் கொஞ்சம் செய்கிறது. அலைவரிசைக்குள் இருக்கும்வரை இதற்காக எதையும் மாற்றத் தேவையில்லை. காய்ந்த பிறகும் குழி திரும்பி வராவிட்டால் மட்டும் இணைப்பிலோ கேபிளிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி கட்டினால் மாற்ற வேண்டியவை

அடுத்து 20 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு டைபோல் கட்ட ஆசிரியர் திட்டமிட்டிருக்கிறார். அதற்கும் 14.175 மெகாஹெர்ட்ஸை வைத்து முதலில் 143-ஆல் கணக்கிட்டு 10.09 மீட்டர் என்று எடுத்து, பக்கத்துக்கு 20 செ.மீ. மிச்சம் விட்டு வெட்டி, அந்த மிச்சத்தை மடித்தே ஏற்றுவதாக இருக்கிறார். அதே கம்பிதான் என்றாலும் 140.6 என்ற எண்ணை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது. அலைநீளம் பாதியாகும்போது தளத்திலிருந்து கம்பியின் உயரம் அலைநீளக் கணக்கில் இரட்டிப்பாகிறது, தளத்தின் பாதிப்பு குறையும். கம்பியின் தடிமனும் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் கூடுகிறது. ஒருமுறை ஏற்றி, அளந்து, அந்த ஆன்டெனாவுக்குரிய பெருக்குத்தொகையைக் கண்டுபிடித்துத்தான் மடிப்பை முடிவு செய்ய வேண்டும்.

கேபிளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதிர்வெண் ஏறினால் ஆர்.ஜி.58-இன் இழப்பும் ஏறும். 40 மீட்டரில் பொருட்படுத்த வேண்டாத அளவு 20 மீட்டரில் ஒரு டெசிபெல்லை நெருங்கும். தடித்த ஆர்.ஜி.213 அதில் பாதியைவிடக் குறைவாகவே இழக்கும். விலை கூடுதல்தான், ஆனால் 15 மீட்டர் போதும் என்பதால் தாங்கக்கூடியது. ஜி.ஐ. குழாயின் உச்சியில் ஒரு கப்பி மாட்டுவதும் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் குழாயையே சாய்த்து நிமிர்த்தியதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தைச் சாப்பிட்டது.